இருட்டுக் காட்சிகளில் விவரம் மறைகிறதா? தொலைக்காட்சியின் 'டைனமிக் கான்ட்ராஸ்ட்' வசதியை எப்போது அணைப்பது சரி?

2018 அக்டோபரில் வெளியாகி, 2024 செப்டம்பரில் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்த இந்தித் திரைப்படம் 'தும்பாட்'. மகாராஷ்டிரக் கிராமம் ஒன்றில் 1918ஆம் ஆண்டு தொடங்கும் இக்கதையின் பெரும்பகுதி ஓயாத மழையிலும் மங்கிய விளக்கொளியிலும் நிகழ்கிறது. இதன் ஒளிப்பதிவுக்காகப் பங்கஜ் குமார் பிலிம்ஃபேர் விருது பெற்றார். விளக்கின் வெளிச்சம் முழுமையாகப் படாத சுவர், மூலை, உடை ஆகியவற்றில் மிஞ்சியிருக்கும் சிறிதளவு ஒளியே இத்தகைய படங்களின் உயிர்.

ஆனால் இதே போன்ற படத்தை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்கும் பலருக்கு விளக்கும் அதன் அருகிலுள்ள முகமும் மட்டுமே தெரிகின்றன. மற்றவை அனைத்தும் ஒரே கரும்பரப்பாக மாறிவிடுகின்றன. படம் சரியாக எடுக்கப்படவில்லை என்றோ, ஓடிடி தளத்தின் தரம் குறைவு என்றோ, தொலைக்காட்சி பழுதாகிவிட்டது என்றோ அவர்கள் எண்ணுகின்றனர். சில நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். எனினும், தொலைக்காட்சியின் அமைப்புகளுக்குள் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு வசதி நிழல் பகுதியின் விவரங்களை அழித்துவிடுவதும் பரவலான காரணம்.

திரையில் அந்த வசதி Dynamic Contrast, Contrast Enhancer, Adv. contrast enhancer, Black Stretch, Black adjust எனப் பல பெயர்களில் தோன்றும். 'கருப்பை மேம்படுத்துவது' என்று பொருள்படும் இவ்வசதிகள் உண்மையில் புதிய கருப்பு எதையும் உருவாக்குவதில்லை. நிழலில் இருக்கும் விவரத்தை விலையாகக் கொடுத்தே அவை கருமையைப் பெறுகின்றன. அந்த விலை எப்போது ஏற்கத்தக்கது, எப்போது அன்று என்பதே இங்கு எழும் கேள்வி.

கருப்புக்கும் நிழலுக்கும் இடைப்பட்ட சில படிகள்

தொலைக்காட்சிக்கு வரும் வழக்கமான எட்டு பிட் காணொளி சமிக்ஞையில் ஒளியின் அளவு எண்களாகக் குறிக்கப்படுகிறது. முழுக் கருப்பு 16 என்றும், முழு வெள்ளை 235 என்றும் வரையறுக்கப்பட்டுள்ளன. இடையே உள்ளவை 219 படிகள். பார்வைக்கு நாம் காணும் அனைத்தும், வெயிலில் மின்னும் வானம் முதல் கதவின் பின்னால் இருக்கும் இருள் வரை, இந்தப் படிகளுக்குள் அடங்கியாக வேண்டும்.

இந்தப் படிகள் ஒளியைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதில்லை. மனிதக் கண் இருண்ட பகுதியில் நுண்ணிய வேறுபாடுகளையும் உணரும் தன்மை கொண்டது. ஆகவே கீழ்ப்படிகளில் ஒளி மிக மெதுவாக உயரும்படி காமா எனப்படும் வளைவு அமைக்கப்பட்டுள்ளது. படத்தொகுப்புக் கூடங்களில் பொதுவாகப் பின்பற்றப்படும் 2.4 என்ற காமா அளவின்படி கணக்கிட்டால், கருப்பிலிருந்து மேலே 20 படிகள் ஏறி 36ஐ அடைந்த பின்னும் திரை உமிழும் ஒளி, முழு வெள்ளையின் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவே இருக்கும்.

மழை இரவு, விளக்கெரியும் அறை, திரையரங்க இருக்கைகள், கறுத்த கூந்தல் போன்ற பலவும் பெரும்பாலும் இந்த அடித்தளப் படிகளிலேயே பதிவாகியிருக்கின்றன. அங்கு இரண்டு மூன்று படிகள் நகர்ந்தாலும் விளைவு பெரிது. நண்பகல் வானத்தில் அதே இரண்டு மூன்று படிகள் மாறினால் எவரும் அதைக் கவனிக்கப் போவதில்லை.

இந்த வசதிகள் செய்வது என்ன?

பெயர்கள் பலவாக இருந்தாலும், செயல்முறையை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். அவற்றைக் குழப்பிக்கொண்டால் அணைக்க வேண்டியதை விட்டுவிட்டு, அணைக்கக் கூடாததை அணைத்துவிடும் நிலை ஏற்படும்.

முதல் வகை டைனமிக் கான்ட்ராஸ்ட். இது ஒவ்வொரு காட்சியிலும் வெளிச்சம் எவ்வாறு பரவியிருக்கிறது என்பதை அளந்து, இருண்டவற்றை மேலும் இருட்டாகவும் வெளிச்சமானவற்றை மேலும் வெளிச்சமாகவும் மாற்றுகிறது. காட்சி மாறும்போது இந்த மாற்றத்தின் அளவும் மாறும். ஆகவேதான் அதன் பெயரில் 'டைனமிக்' என்ற சொல் இடம்பெற்றுள்ளது.

இரண்டாவது வகை கருப்பை நீட்டும் அல்லது ஆழப்படுத்தும் வசதி. இது காட்சியில் இருக்கும் மிக இருண்ட பகுதியைத் தேடிக் கண்டுபிடித்து, அதை முழுக் கருப்புக்கு இழுத்துச் செல்கிறது. பனிமூட்டம் அல்லது மழைச்சாரல் நிறைந்த காட்சியில் முழுக் கருப்பு என்று எதுவும் இருக்காது. அதன் மிக இருண்ட இடமும் சாம்பல் நிறமாகவே இருக்கும். ஒளிப்பதிவாளர் வேண்டுமென்றே அமைத்த அந்தச் சாம்பலை, ஒரு குறையாகக் கருதித் தொலைக்காட்சி 'திருத்தி' விடுகிறது.

மூன்றாவது வகை பின்னொளிக் கட்டுப்பாடு. எல்இடி தொலைக்காட்சியில் திரைக்குப் பின்னாலுள்ள விளக்குகளைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் Local Dimming இதில் அடங்கும். இது சமிக்ஞையின் படிகளை நேரடியாக மாற்றுவதில்லை; விளக்கை மட்டுமே குறைக்கிறது. உண்மையான கருமையைத் தரக்கூடிய வசதி இதுவே என்பதால், மற்ற இரண்டையும் அணைக்கும்போது இதையும் சேர்த்து அணைத்துவிடக் கூடாது. விளக்குப் பகுதிகள் மிகக் குறைவாக உள்ள மலிவான திரைகளில் மட்டும், இருளில் உள்ள சிறு வெளிச்சங்கள் மங்கினால் இதன் அளவைக் குறைத்துப் பார்க்கலாம்.

முதல் இரண்டு வகைகளும் விவரத்தை எப்படி அழிக்கின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். விளக்கெரியும் அறையில் கம்பளி போர்த்தி ஒருவர் அமர்ந்திருக்கிறார் எனக் கொள்வோம். பின்சுவர் 36ஆம் படியிலும், கம்பளியின் மேற்பரப்பு 30லும், அதன் மடிப்பு 26லும், மடிப்பின் உட்பகுதி 22லும் பதிவாகியுள்ளன. நான்கும் தனித்தனியாகத் தெரிவதால்தான் அது கம்பளி என்பதைக் கண் அறிகிறது.

இப்போது கருமையை ஆழப்படுத்தும் வசதி 24ஆம் படியையும் அதற்குக் கீழுள்ளவற்றையும் 16க்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, மற்றவற்றையும் கீழே இழுக்கிறது. மடிப்பின் உட்பகுதி முழுக் கருப்பாகிவிடுகிறது. 26இல் இருந்த மடிப்பு 18க்கு இறங்குகிறது. எண்ணளவில் இது எட்டுப் படிகள் மட்டுமே. ஆனால் 26ஆம் படி முழு வெள்ளையின் ஒளியில் ஏறத்தாழ 1,650இல் ஒரு பங்கு. 18ஆம் படியோ ஏறத்தாழ 78,000இல் ஒரு பங்கு. அதாவது மடிப்பின் ஒளி நாற்பது மடங்குக்கும் மேல் குறைந்துவிடுகிறது.

சாதாரண எல்இடி திரைகளில் கருப்பு என்பது முழு இருள் அன்று. பின்னொளி சிறிதளவு எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். ஐபிஎஸ் வகைத் திரையில் இந்தக் கசிவு வெள்ளை ஒளியின் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. 26ஆம் படியின் ஒளி அந்தக் கசிவின் மேல் பாதிக்கும் அதிகமாகச் சேர்வதால் மடிப்பு கண்ணுக்குப் புலப்படும். 18ஆம் படியின் ஒளி அதனுடன் நூற்றில் ஒரு பங்கு அளவே சேரும் என்பதால் கசிவிலேயே கரைந்துவிடும். கம்பளி, மடிப்பு, அதன் உட்பகுதி என மூன்றாக இருந்தவை இப்போது ஒரே கரிய திட்டாகத் தெரியும். தொழில்நுட்ப வழக்கில் 'பிளாக் கிரஷ்' எனப்படுவது இதுவே.

இவ்வாறு ஒரே படியில் சேர்ந்துவிட்ட விவரங்களைத் திரையின் வெளிச்சத்தைக் கூட்டுவதன் மூலம் பெரும்பாலும் மீட்க முடிவதில்லை. கருந்திட்டு சாம்பல் திட்டாக மாறுமே தவிர, மடிப்பு திரும்பி வராது.

ஏன் தொடக்கத்திலேயே இயக்கப்பட்டிருக்கிறது?

தொலைக்காட்சிகள் விற்கப்படும் கடைகளில் கண்ணைக் கூசும் வெளிச்சம் இருக்கும். பத்து இருபது திரைகள் வரிசையாக ஒளிர்ந்துகொண்டிருக்க, வாங்குபவர் சில நிமிடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அங்கு நிழல் விவரம் எவருக்கும் தெரிவதில்லை. எது பளிச்சென இருக்கிறதோ அதுவே கவர்கிறது. Vivid, Dynamic போன்ற பட முறைகள் இத்தகைய சூழலுக்காகவே உருவானவை. Standard முறையிலும் இவ்வசதிகள் நடுத்தர அளவில் இயங்குவது வழக்கம்.

பெட்டியின் மேல் பத்து லட்சத்துக்கு ஒன்று என்பது போல அச்சிடப்படும் டைனமிக் கான்ட்ராஸ்ட் விகிதமும் வாங்குபவரைக் குழப்பக்கூடியது. பின்னொளி முழுமையாக எரியும்போது கிடைக்கும் வெள்ளையையும், பின்னொளி மங்கிய அல்லது அணைந்த நிலையில் கிடைக்கும் கருப்பையும் வெவ்வேறு நேரங்களில் அளந்து ஒப்பிடுவதால் வரும் எண் அது. ஒரே காட்சியில் அருகருகே உள்ள வெள்ளைக்கும் கருப்புக்கும் இடையிலான வேறுபாட்டை அது கூறுவதில்லை. அந்த வேறுபாடு ஐபிஎஸ் திரைகளில் ஏறத்தாழ 1,000க்கு ஒன்று என்றும், விஏ வகைத் திரைகளில் பெரும்பாலும் 3,000 முதல் 5,000க்கு ஒன்று என்றும் இருக்கும்.

வீட்டில் சோதித்து அறிவது எப்படி?

இதற்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, தொலைக்காட்சியிலேயே உள்ள ஓடிடி செயலியில் இருண்ட காட்சி ஒன்றைத் திறக்க வேண்டும். கறுத்த உடை, கூந்தல், மரக்கதவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நிழலில் இருக்கும் காட்சி இதற்கு ஏற்றது.

காட்சியை நிறுத்தியவுடன் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. பல செயலிகள், நிறுத்தும்போது படத்தின் மேல் மெல்லிய கருந்திரை ஒன்றை விரித்துக் கட்டுப்பாட்டுப் பொத்தான்களைக் காட்டும். அவை மறையும் வரை காத்திருக்க வேண்டும். மறையாவிட்டால் நிறுத்தாமல் அதே பத்து விநாடிகளை மீண்டும் மீண்டும் ஓடவிட்டுப் பார்ப்பது நலம்.

பின்னர் Dynamic Contrast அல்லது Contrast Enhancer அமைப்பை High நிலையில் வைத்து, ஒரே ஓர் இடத்தை மட்டும் கவனிக்க வேண்டும். உடையின் மடிப்போ கதவின் விளிம்போ போதும். அதே இடத்தை Low, Off ஆகிய நிலைகளிலும் பார்க்க வேண்டும். Off நிலையில் மடிப்பு தெரிந்து, High நிலையில் மறைந்தால் காரணம் உறுதியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அமைப்புப் பட்டியலை மூடிவிட்டுப் பார்ப்பது அவசியம். பட்டியலின் வெளிச்சமே சில தொலைக்காட்சிகளில் அளவீட்டை மாற்றிவிடும்.

எல்லா நிலைகளிலும் மடிப்பு தெரியவில்லை எனில், அதே காட்சியை இருட்டறையில் கைப்பேசியில் பார்க்கலாம். அங்கு தெரிந்தால் விவரம் படத்தில் இருக்கிறது. தொலைக்காட்சியின் வேறு ஏதோ ஓர் அமைப்பு அதை மறைக்கிறது. கைப்பேசியிலும் தெரியாவிட்டால் படமே அவ்வாறு எடுக்கப்பட்டிருக்கலாம், அல்லது ஒளிபரப்பின் சுருக்கத்தில் அந்த விவரம் தொலைந்திருக்கலாம்.

மற்றோர் அறிகுறி வசன வரிகள். இருண்ட காட்சியின் அடியில் வெள்ளை எழுத்துகள் தோன்றும் போதெல்லாம் பின்னணியின் கருமை சற்றே மாறி, எழுத்துகள் மறைந்ததும் பழைய நிலைக்குத் திரும்பினால், காட்சியின் சராசரி வெளிச்சத்தை அளந்து செயல்படும் வசதி ஒன்று இயங்குகிறது என்று பொருள். வேற்றுமொழிப் படங்களை வசன வரிகளுடன் பார்ப்பவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் விரைவில் சலிப்பூட்டும்.

மடிக்கணினியையோ செட்-டாப் பாக்ஸையோ எச்டிஎம்ஐ வழியாக இணைக்கும்போது மட்டும் இருள் விழுங்கப்பட்டு, தொலைக்காட்சியின் சொந்தச் செயலிகளில் படம் சரியாக இருந்தால், குற்றவாளி வேறு. கணினிகள் கருப்பை 0 என்றும் வெள்ளையை 255 என்றும் கொண்டு அனுப்பக்கூடியவை. தொலைக்காட்சி 16 முதல் 235 வரையிலான சமிக்ஞையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தால், 16க்குக் கீழுள்ள அனைத்தையும் கருப்பாக்கிவிடும். இந்நிலையில் டைனமிக் கான்ட்ராஸ்டை அணைப்பதால் பயனில்லை. HDMI Black Level, Black Level, HDMI video range ஆகிய பெயர்களில் ஒன்றாக இருக்கும் அமைப்பை Auto நிலையில் வைத்து, கணினியும் அதே அளவில் அனுப்புகிறதா எனச் சரிபார்க்க வேண்டும்.

அணைத்த பிறகும் திரும்ப வருவது ஏன்?

'அணைத்துவிட்டேன், ஆனாலும் சில படங்களில் அப்படியே இருக்கிறது' என்பது பலரும் சொல்லும் குறை. தொலைக்காட்சிகள் இந்த அமைப்புகளை ஒவ்வொரு பட முறைக்கும் தனித்தனியாகச் சேமிக்கின்றன என்பதே இதற்கு முதன்மைக் காரணம். Standard முறையில் அணைத்தது Movie முறைக்குப் பொருந்தாது. பல தொலைக்காட்சிகளில் ஒவ்வோர் எச்டிஎம்ஐ இணைப்புக்கும் தனிச் சேமிப்பு உண்டு.

சாதாரணக் காணொளி, எச்டிஆர், டால்பி விஷன் ஆகிய மூன்றுக்கும் வெவ்வேறு அமைப்புகள் இருக்கும். எச்டிஆர் படம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அதற்கான அமைப்பை மாற்ற முடியும். டால்பி விஷன் படம் ஓடும்போது இவ்வசதி மங்கலாகக் காட்டப்பட்டு, மாற்ற இயலாத நிலையில் இருந்தால் அது பழுது அன்று.

ஒவ்வொன்றாக மாற்றுவதைவிட எளிய வழியும் உண்டு. Movie, Cinema, Filmmaker Mode ஆகியவற்றில் எது இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுப்பதே அது. இவற்றில் Filmmaker Mode, யூஎச்டி அலையன்ஸ் என்ற அமைப்பு 2019 ஆகஸ்டில் அறிவித்தது. கிறிஸ்டோபர் நோலன், மார்ட்டின் ஸ்கார்செஸி உள்ளிட்ட இயக்குநர்கள் அதற்கு ஆதரவு தெரிவித்தனர். படைத்தவர் தந்த படத்தின் மேல் தொலைக்காட்சி தன் விருப்பப்படி செய்யும் கூடுதல் வேலைகளை நிறுத்துவதே அதன் நோக்கம். இம்முறைகளைத் தேர்ந்தெடுத்த பின்னும், Contrast Enhancer போன்றவை Low நிலையில் விடப்பட்டுள்ளனவா என ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பெயரில் 'பிளாக்' என்ற சொல் இருப்பதாலேயே ஒன்றை அணைத்துவிடக் கூடாது என்பதும் கவனத்துக்குரியது. விளையாட்டு முறையில் காணப்படும் Black Stabilizer நேர்மாறாகச் செயல்படுகிறது. இருளில் பதுங்கியிருக்கும் எதிரி தெரிவதற்காக நிழலைப் பிரகாசமாக்குகிறது. Shadow Detail என்பது நிழல் பகுதியை ஏற்றவும் இறக்கவும் உதவும் அளவுகோல். Brightness என்ற பெயரும் சில தொலைக்காட்சிகளில் கருமையின் அளவையும், வேறு சிலவற்றில் பின்னொளியையும் குறிக்கிறது. எதை மாற்றினாலும் கருந்திட்டில் என்ன நிகழ்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வதே பாதுகாப்பானது.

எப்போது அணைப்பது சரி, எப்போது விட்டுவைப்பது சரி?

இரவில் அல்லது திரைச்சீலை போட்ட அறையில் திரைப்படமோ தொடரோ பார்ப்பவர்கள் அணைத்துவிடலாம். ஒலெட் திரை வைத்திருப்பவர்களுக்கு இது மேலும் பொருந்தும். ஒவ்வொரு புள்ளியையும் தனியாக அணைக்க வல்ல அத்திரையில் கருப்பு ஏற்கெனவே முழுமையானது. அதை மேலும் ஆழப்படுத்த எந்த வசதியும் தேவையில்லை; இழப்பதற்கு நிழல் விவரம் மட்டுமே உண்டு.

பகல் வெளிச்சம் நேரடியாக விழும் கூடத்தில் நிலைமை வேறு. இந்தியாவில் பல வீடுகளில் தொலைக்காட்சி இருப்பது சன்னலும் வாசலும் திறந்திருக்கும் முன்னறையில்தான். திரையின் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சம், நாம் மேலே கண்ட கம்பளி மடிப்பின் ஒளியைவிடப் பல மடங்கு அதிகம். அந்த நேரத்தில் வசதியை அணைத்தாலும் மடிப்பு தெரியப் போவதில்லை. படம் மட்டும் வெளுத்துத் தோன்றும். செய்தி, கிரிக்கெட், பாடல் நிகழ்ச்சிகளில் இருண்ட நிழல்களில் இழப்பதற்கும் அதிகம் இல்லை. எனவே பகலில் Low நிலையில் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

இருண்ட அறையில் ஐபிஎஸ் திரையில் பார்க்கும்போது கருப்பு சாம்பலாகத் தெரிவது சிலருக்கு உறுத்தும். அவர்களுக்கு வசதியை Low நிலையில் வைப்பது ஒரு சமரசம். ஆனால் திரைக்குப் பின்னால் உள்ள சுவரில் படும்படி ஒரு மங்கிய விளக்கை எரியவிட்டால், கண்ணுக்கு அந்தச் சாம்பல் கருப்பாகவே தோன்றும். விவரத்தை இழக்காமல் கருமையைப் பெறும் வழி இது.

எச்டிஆர் படங்களில் மற்றொரு விதிவிலக்கு எழுகிறது. சாதாரணக் காணொளியைப் போலன்றி, எச்டிஆரில் பரவலாகப் பயன்படும் பிகியூ முறையில் ஒவ்வொரு படியும் குறிப்பிட்ட ஒளி அளவைக் குறிக்கிறது. இப்படங்கள் பெரும்பாலும் 1,000 நிட்ஸ் அல்லது அதற்கும் மேற்பட்ட உச்ச ஒளிர்வைக் கருதித் தயாரிக்கப்படுகின்றன. குறைந்த விலைத் தொலைக்காட்சிகள் பலவற்றின் உச்ச ஒளிர்வோ 300 நிட்ஸ் அளவில் நின்றுவிடுகிறது. அவற்றில் எச்டிஆர் படம் முழுவதுமே இருட்டாகத் தோன்றுவது இயல்பு. இந்நிலையில் காட்சிக்குக் காட்சி ஒளியைச் சரிசெய்யும் Dynamic Tone Mapping போன்ற வசதி, அல்லது Low நிலையிலான கான்ட்ராஸ்ட் வசதி, படத்தின் நடுத்தர வெளிச்சத்தை உயர்த்தி உதவக்கூடும். உயர்த்துகிறதா, நிழலை விழுங்குகிறதா என்பதை மேலே சொன்ன மடிப்புச் சோதனையே காட்டிக்கொடுக்கும்.

ஆகவே ஒரே அமைப்பை எல்லா நேரத்துக்கும் வைத்திருக்க வேண்டியதில்லை. Standard முறையில் கான்ட்ராஸ்ட் வசதியை Low நிலையில் வைத்துப் பகலுக்கும், Movie அல்லது Cinema முறையில் முழுவதுமாக அணைத்து இரவுக்கும் ஒதுக்கிக்கொண்டால், ரிமோட்டில் பட முறையை மாற்றுவது ஒன்றே போதும்.

அணைத்த முதல் நாளில் எதிர்பார்க்க வேண்டியவை

வசதியை அணைத்தவுடன் படம் தட்டையாகவும் சோபையிழந்தும் தோன்றும். பல மாதங்கள் மிகை வேறுபாட்டுக்குப் பழகிய கண் அதையே இயல்பு எனக் கொண்டிருப்பதே காரணம். இரண்டு மூன்று படங்கள் பார்த்த பிறகு மீண்டும் High நிலைக்கு மாற்றிப் பார்த்தால், முன்பு இயல்பாகத் தெரிந்தது இப்போது மிகையாகத் தெரியலாம். எனவே முதல் ஐந்து நிமிடங்களை வைத்து முடிவு செய்யாமல் இருப்பது நலம்.

மற்றொரு விளைவு உண்மையான குறை. இணைய வேகம் குறைந்த நேரத்தில் வரும் ஓடிடி படங்களிலும், அதிகம் சுருக்கப்பட்ட டிடிஎச் அலைவரிசைகளிலும், இருண்ட பகுதிகள் சதுரம் சதுரமாக உடைந்தும் பட்டை பட்டையாகப் பிரிந்தும் காணப்படும். நிழல்களை விழுங்கும் வசதி இந்தக் குறைகளையும் சேர்த்து விழுங்கி மறைத்துக்கொண்டிருந்தது. அணைத்ததும் அவை வெளிப்படும். தொலைக்காட்சி கெட்டுவிட்டதாக அப்போது அஞ்சத் தேவையில்லை. அதே படத்தை ஓடிடி செயலியின் உயர்ந்த தரத்தில் பார்த்தால் பட்டைகள் குறைந்து மடிப்புகள் எஞ்சும். அலைவரிசையின் தரமே குறைவெனில், அந்த இணைப்புக்கு மட்டும் Low நிலையை வைத்துக்கொள்ளலாம்.

தொலைக்காட்சி மாற்ற வேண்டும் என்று முடிவெடுப்பதற்கு முன்பு, விளக்கை அணைத்துவிட்டு ஓர் இருண்ட காட்சியில் ஒரு துணி மடிப்பைத் தேடிப் பார்க்கச் செலவாவது பத்து நிமிடங்கள். High நிலையில் காணாமற்போன அந்த மடிப்பு Off நிலையில் திரும்பி வந்தால், புதிய தொலைக்காட்சிக்கான செலவு மிச்சம்.